கல்லீரலில் கொழுப்பு, ரத்தத்தில் கொழுப்பு: ஒரே பத்தியம் போதுமா?

முழு உடல் பரிசோதனை ரிப்போர்ட்டில் 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்' என்று ஒரு வரி. கொலஸ்ட்ரால் பக்கத்தில் தடித்த எழுத்தில் மூன்று, நான்கு எண்கள். இதைப் பார்த்ததும் பெரும்பாலான வீடுகளில் முதலில் நடப்பது, சமையலறையில் எண்ணெய்க்கு 144 தடை உத்தரவு. தாளிப்பு குறையும், முட்டையின் மஞ்சள் கரு குப்பைக்குப் போகும், வாரம் ஒருமுறை வந்த மீன் குழம்பும் நின்றுவிடும். சோறு மட்டும் அப்படியே இருக்கும். குழம்பில் ருசி குறைந்ததை ஈடுகட்ட இன்னொரு கரண்டி கூடவும் விழும். மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தால் அதே கிரேடு 2. 'வாயைக் கட்டியும் ஒன்றும் ஆகவில்லை' என்று மனிதர் எல்லாவற்றையும் விட்டுவிடுவார்.

அவர் வாயைக் கட்டியது பொய்யில்லை. கட்டிய இடம்தான் வேறு.

கல்லீரல் செல்களில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்புத் துளிகள் சேர்ந்தால் அது கொழுப்புக் கல்லீரல். இந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்று தடம் பிடித்துப் பார்த்த ஆய்வு ஒன்று அமெரிக்காவில் 2005-ல் வெளியானது. சில நோயாளிகளை மட்டும் வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். ஆனாலும் அதன் கணக்கு இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. கல்லீரலில் சேர்ந்த கொழுப்பில் ஏறக்குறைய 60 சதவீதம் உடம்பின் சொந்தக் கொழுப்புத் திசுக்களிலிருந்து கசிந்து வந்தது. கால் பங்கு, மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் கல்லீரலே தயாரித்தது. சாப்பாட்டில் இருந்த எண்ணெயும் நெய்யும் நேராகப் போய்ச் சேர்ந்தது சுமார் 15 சதவீதம்தான்.

கசிவுக்குக் காரணம் இன்சுலின் எதிர்ப்பு நிலை. கொழுப்பைத் திசுக்களுக்குள்ளேயே பூட்டி வைப்பது இன்சுலினின் வேலைகளில் ஒன்று. வயிற்றைச் சுற்றிச் சதை போட்டவர்களுக்கு அந்தப் பூட்டு தளர்ந்துவிடுகிறது. கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்கு வருகின்றன. கல்லீரலைச் சரக்கு நிரம்பி வழியும் கிடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அடுக்க இடமில்லாததால் லாரி லாரியாக வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த லாரிகளில் ஏறி வருவதுதான் உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் டிரைகிளிசரைடு. அது கூடும்போது நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் ஹெச்.டி.எல். குறையும். நம் நாட்டவரிடம் அடிக்கடி காணும் ஜோடி இது: டிரைகிளிசரைடு அதிகம், ஹெச்.டி.எல். குறைவு, கூடவே கொஞ்சம் தொப்பை.

ஆக, கொழுப்புக் கல்லீரலும் டிரைகிளிசரைடும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். ஆனால் மாரடைப்போடு நேரடித் தொடர்புடைய எல்.டி.எல். அந்த வீட்டுப் பிள்ளை இல்லை. ரத்தத்தில் சுற்றும் எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுப்பதற்குக் கல்லீரல் செல்களின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. தேங்காய் எண்ணெய், பாமாயில், வனஸ்பதி, நெய், வெண்ணெய், கொழுப்புள்ள ஆட்டிறைச்சி ஆகியவற்றில் மிகுதியாக இருக்கும் நிறைகொழுப்பு அந்த ஏற்பிகளைக் குறைத்துவிடுகிறது. சிலருக்குப் பிறவியிலேயே ஏற்பிகள் குறைவு. அவர்கள் ஒல்லியாக இருப்பார்கள், சைவமாகக்கூட இருப்பார்கள், எல்.டி.எல். மட்டும் 190-ஐத் தாண்டி நிற்கும்.

இந்த வேறுபாடு புரியாததால்தான் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. எண்ணெயை மட்டும் நிறுத்தியவருக்குக் கல்லீரல் அப்படியே இருக்கிறது. மறுபக்கம், சில வருடங்களுக்கு முன் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு பேசப்பட்ட பேலியோ உணவுமுறை. சோற்றையும் சர்க்கரையையும் அடியோடு நிறுத்தி, வெண்ணெயும் கொழுப்புள்ள இறைச்சியும் தேங்காயும் தாராளமாகச் சாப்பிட்டவர்களில் பலருக்கு எடை இறங்கியது, டிரைகிளிசரைடு இறங்கியது, கல்லீரலும் தேறியது. ஆனால் அவர்களில் சிலருக்கு எல்.டி.எல். 200-க்கு மேல் ஏறியது. 'அது நல்ல வகை எல்.டி.எல்., பயப்பட வேண்டாம்' என்று குழுக்களில் சொல்லப்பட்ட சமாதானத்தை நான் ஏற்கமாட்டேன். எந்த உணவுமுறையால் ஏறினாலும் அவ்வளவு உயர்ந்த எல்.டி.எல். ரத்தக்குழாய்க்கு ஆபத்துதான்.

இனி ஒரு ரிப்போர்ட்டை வைத்துப் பேசுவோம். இது குறிப்பிட்ட ஒருவருடையது அல்ல, ஆனால் எந்த ஊர் லேபிலும் தினம் அச்சாகும் வகை. ஆணுக்கு வயது 44, வங்கி வேலை, போக வர பைக். உயரம் 168 செ.மீ., எடை 74 கிலோ, இடுப்புச் சுற்றளவு 96 செ.மீ. மொத்தக் கொலஸ்ட்ரால் 228, டிரைகிளிசரைடு 260, ஹெச்.டி.எல். 36, எல்.டி.எல். 140. மூன்று மாதச் சர்க்கரை சராசரி 6.1, அதாவது சர்க்கரை நோயின் வாசல். எஸ்.ஜி.ஓ.டி. 42, எஸ்.ஜி.பி.டி. 64, பிளேட்லெட் 2 லட்சத்து 40 ஆயிரம். ஸ்கேனில் கிரேடு 2. குடிப்பழக்கம் இல்லை.

பார்ப்பவர்கள் இவரைக் குண்டு என்று சொல்லமாட்டார்கள். ஆனால் இந்தியர்களுக்கான அளவுகோலில் பி.எம்.ஐ. 23-க்கு மேல் போனாலே அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல் பருமன். இவருக்கு 26. இடுப்பு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. பேன்ட் சைஸை வைத்துச் சொல்லாதீர்கள், அது தொப்பைக்குக் கீழே நிற்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப் வைத்து, மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும்.

டாக்டர் முதலில் பார்ப்பது கிரேடை அல்ல. எவ்வளவு கொழுப்பு என்பதைத்தான் கிரேடு தோராயமாகச் சொல்கிறது, அதுவும் ஸ்கேன் பார்க்கும் ஆளுக்கு ஆள் மாறும். கல்லீரலில் தழும்பு விழ ஆரம்பித்துவிட்டதா என்பதே முக்கியமான கேள்வி. சிரோசிஸுக்கு வழி அதுதான். அதற்கு ஃபிப்-4 என்று ஒரு கணக்கு உண்டு. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்க வேண்டும். பிளேட்லெட்டை ஆயிரக் கணக்கில் எடுத்து, அதை எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கி, முதல் விடையை இரண்டாவதால் வகுக்க வேண்டும். இவருக்கு 44-ஐ 42-ஆல் பெருக்கினால் 1848. 240-ஐ 64-இன் வர்க்கமூலமான 8-ஆல் பெருக்கினால் 1920. வகுத்தால் 0.96. விடை 1.3-க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்கும் வாய்ப்பு குறைவு. 2.67-க்கு மேல் என்றால் கல்லீரல் மருத்துவரிடம் போக வேண்டும். இடையில் நின்றால் ஃபைப்ரோஸ்கேன் பார்த்து முடிவு செய்வார்கள். இளைஞர்களிடமும் 65 வயது தாண்டியவர்களிடமும் இந்தக் கணக்கு கொஞ்சம் பிசகும் என்பதால், விடையை டாக்டரோடு சேர்ந்து படிப்பதுதான் சரி. எஸ்.ஜி.பி.டி. நார்மல் என்பதால் மட்டும் கல்லீரல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. தழும்பு முற்றிய கல்லீரலிலும் அது நார்மலாக வரலாம்.

கூடவே ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனையும் தைராய்டு பரிசோதனையும் ஒருமுறை பார்த்துவிடுவார்கள். தைராய்டு குறைந்தாலே எல்.டி.எல். ஏறும், எடையும் கூடும். அதைக் கவனிக்காமல் பத்தியம் மட்டும் இருந்து பயனில்லை.

இவருக்கு இலக்கு என்ன? எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் வீக்கம் தணியும். தழும்பு இருப்பவர்களுக்கு 10 சதவீதமோ அதற்கு மேலோ தேவை. இவர் கணக்கில் முதல் படி 4 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, அடுத்தது 5 முதல் 7 கிலோ. இதை ஆறு மாதத்தில் செய்யலாம். ஒரே மாதத்தில் செய்ய நினைத்தால்தான் வம்பு. பட்டினி கிடந்து வேகமாக எடை இறக்கினால் பித்தப்பையில் கல் உருவாகலாம், கொழுப்புத் திசுக்களிலிருந்து வெள்ளமாக வரும் கொழுப்பு கல்லீரலை இன்னும் மோசமாக்கவும் கூடும். வாரத்துக்கு அரை கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ போதும்.

இனி அவர் ஒரு நாளில் சாப்பிடுவதைப் பார்ப்போம். காலையில் நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி, காபி. பதினொரு மணிக்கு டீயும் பிஸ்கட்டும். மதியம் சாம்பார், ரசம், மோர் என மூன்று முறை சோறு, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். மாலையில் டீ, ஒரு வடை அல்லது பப்ஸ். இரவு ஒன்பதரைக்கு மேல் நாலு தோசை, பிறகு இன்னொரு டம்ளர் இனிப்பான பால்.

முதல் கத்தரி சர்க்கரைக்கு. காபி, இரண்டு டீ, பால் என நான்கு முறை இரண்டு ஸ்பூன் போட்டால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 40 கிராம், மாதத்துக்கு ஒரு கிலோவுக்கும் மேல். கல்லீரல் கொழுப்பாக மாற்றுவதற்கு மிகச் சுலபமான சரக்கு இதுதான். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன் என்று மாற்றுவதால் கல்லீரலுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. கரும்புச் சாறும் பழ ஜூஸும் இதே கணக்கில்தான் வரும். பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள், ஒரு வேளைக்கு ஒன்று. சர்க்கரை இல்லாத காபிக்கு ஒரு தடையும் இல்லை, சொல்லப்போனால் காபி குடிப்பவர்களின் கல்லீரலில் தழும்பு குறைவாகக் காணப்படுவதாகத்தான் பல ஆய்வுகள் சொல்கின்றன.

இரண்டாவது, சோறு. வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. மூன்று சுற்றுச் சோறு 400 கிராமைச் சுலபமாகத் தொடும், அதாவது 110 கிராம் மாவுச்சத்து ஒரே வேளையில். அதை ஒரு கப், அதாவது 150 கிராம் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். மீதி வயிற்றை யார் நிரப்புவது? இங்கேதான் பலர் தோற்கிறார்கள். சோற்றைக் குறைத்தவர்கள் அந்த இடத்தில் எதையும் வைப்பதில்லை. நாலு மணிக்குப் பசி வரும், வடைக் கடை கண்ணில் படும். ஆகவே தட்டில் முதலில் பொரியல், கூட்டு, கீரை என்று பாதித் தட்டு காய்கறி. உருளைக்கிழங்கும் மரவள்ளியும் காய்கறிக் கணக்கில் வராது. அடுத்து கெட்டிப் பருப்பு, பயறு, மீன், கோழி, முட்டை, கெட்டித் தயிர் இவற்றில் ஒன்றோ இரண்டோ. இவற்றைச் சாப்பிட ஆரம்பித்த பிறகு சோற்றைத் தொட்டால், ஒரு கப்பே போதும் என்று தோன்றும்.

சிறுதானியம் பற்றியும் ஒரு வார்த்தை. சாமை, தினை, வரகில் நார்ச்சத்து கூடுதல், சரி. ஆனால் அவற்றிலும் பெரும்பகுதி மாவுச்சத்தே. ஒரு கப் சோற்றுக்குப் பதில் ஒரு கப் சாமை நல்ல மாற்றம். மூன்று கப் சோற்றுக்குப் பதில் மூன்று கப் சாமை பெரிதாக உதவாது. கேழ்வரகை மாவாக்கிக் கஞ்சி காய்ச்சினால் சர்க்கரை வேகமாகவே ஏறும்.

காலையில் நாலு இட்லி இரண்டாகி, பக்கத்தில் ஒரு கிண்ணம் பருப்பு நிறைந்த சாம்பாரும் ஒரு அவித்த முட்டையும் வந்தால் போதும். மாலைக்கு வடைக்குப் பதில் சுண்டல். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்து, தோசையை இரண்டாக்கி, அந்தப் பாலை விட்டுவிடலாம்.

இதுவரை சொன்னது கல்லீரலுக்கும் டிரைகிளிசரைடுக்கும். எல்.டி.எல்.லுக்கு வேறு இரண்டு வேலைகள் இருக்கின்றன. முதலாவது, நிறைகொழுப்பைக் குறைப்பது. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைகொழுப்பு, பாமாயிலில் பாதி, நல்லெண்ணெயிலும் கடலெண்ணெயிலும் 20 சதவீதத்துக்கும் கீழே. நாகர்கோவில்காரரிடம் தேங்காய் எண்ணெயை விடச் சொன்னால் சண்டைக்கு வருவார் என்பது தெரியும். வாசனைக்குக் கடைசியில் ஒரு ஸ்பூன் ஊற்றட்டும், தாளிப்பும் பொரிப்பும் மட்டும் வேறு எண்ணெயில் நடக்கட்டும். மொத்தத்தில் ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்பது நல்ல வரம்பு. நாலு பேர் வீட்டுக்கு இரண்டு லிட்டர். பேக்கரி பப்ஸிலும் கேக்கிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 முதல் சட்டம் இருக்கிறது. அதனால் அவை நல்லவை ஆகிவிடவில்லை, நிறைகொழுப்பு அப்படியேதான் இருக்கிறது. முட்டையைக் கண்டு இவ்வளவு பயம் தேவையில்லை. உணவிலுள்ள கொலஸ்ட்ராலைவிட நிறைகொழுப்புதான் எல்.டி.எல்.லை அதிகம் ஏற்றுகிறது. பெரும்பாலானவர்களுக்கு நாளுக்கு ஒரு முட்டையால் கெடுதல் இல்லை. சர்க்கரை நோயோ இதய நோயோ இருப்பவர்கள் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இரண்டாவது, கரையும் நார்ச்சத்து. கொண்டைக்கடலை, ராஜ்மா, ஓட்ஸ், வெண்டைக்காய், கொய்யா ஆகியவற்றில் இது உண்டு. இசப்கோல் உமியும் இதே வேலையைச் செய்யும். எல்.டி.எல். 5 முதல் 10 சதவீதம் இறங்கலாம். இசப்கோலை நிறையத் தண்ணீரோடு குடிக்க வேண்டும், மாத்திரை நேரத்திலிருந்து ஓரிரு மணி நேரம் தள்ளிக் குடிக்க வேண்டும், குறிப்பாகத் தைராய்டு மாத்திரையிலிருந்து.

உடற்பயிற்சியைப் பொறுத்தவரை ஒரு நல்ல செய்தி: எடை இறங்காவிட்டாலும் பயிற்சியால் கல்லீரல் கொழுப்பு குறைகிறது. வேலை செய்யும் தசை சர்க்கரையையும் கொழுப்பையும் இழுத்துக்கொள்வதுதான் காரணம். வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை, அதாவது ஐந்து நாள் அரை மணி நேரம். வேகம் போதுமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நம் வங்கிக்காரருக்குக் காலையில் நேரமில்லை என்றால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 15 நிமிடம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 15 நிமிடம் எனப் பிரித்துக்கொள்ளலாம். நடை மட்டும் போதாது. வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். கையைப் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது 10 முதல் 12 முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது அதே அளவு, இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டில் பிடித்துத் தூக்குவது. இதையே மூன்று சுற்று செய்தால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். நடக்கும்போது நெஞ்சு இறுக்கினாலோ, வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்கினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு முதலில் டாக்டரைப் பாருங்கள்.

இதையெல்லாம் டாக்டரோடு சேர்ந்து திட்டமிடச் சொல்வது சம்பிரதாயத்துக்காக அல்ல. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் திடீரென்று சோற்றைப் பாதியாக்கினால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். மருந்தின் அளவை முன்கூட்டியே குறைத்தாக வேண்டும். வார்ஃபரின் எடுப்பவர் திடீரென்று தினமும் கீரை சாப்பிட ஆரம்பித்தால் மருந்தின் வேகம் மாறும். சிறுநீரகக் கோளாறு இருப்பவருக்குப் பருப்பு, முட்டை அளவே வேறு. டிரைகிளிசரைடு 500-க்கு மேல் இருந்தால் கணைய அழற்சி அபாயம் உண்டு, பத்தியத்தைப் பார்த்துக்கொண்டு மூன்று மாதம் காத்திருக்க முடியாது. கண் மஞ்சளாவது, வயிறும் காலும் வீங்குவது, கருப்பாக மலம் போவது இவையெல்லாம் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்.

டாக்டரிடம் போகும்போது சாப்பிடும் எல்லா மருந்துகளையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள், நாட்டு மருந்து, லேகியம், 'லிவர் டானிக்', ஜிம்மில் கொடுத்த பொடி உட்பட. கொரோனா காலத்தில் சீந்தில் கஷாயம் குடித்த சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மூலிகை என்பதாலேயே கல்லீரலுக்கு நல்லது என்று நினைத்துவிட முடியாது. எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். கல்லீரலில் கொழுப்பு இருக்கும்போது மதுவுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றை வைத்துக்கொள்ளாமல் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

மூன்று மாதம் கழித்து நம் வங்கிக்காரர் மறுபடி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒருவரிடம் எதிர்பார்க்கக்கூடிய முடிவு இப்படி இருக்கும்: எடை 70.5 கிலோ, இடுப்பு 92 செ.மீ., டிரைகிளிசரைடு 165, எஸ்.ஜி.பி.டி. 44, ஹெச்.டி.எல். 38, எல்.டி.எல். 132. கல்லீரல் பக்கம் நன்றாகவே நகர்ந்திருக்கிறது. எல்.டி.எல். கொஞ்சம்தான் அசைந்திருக்கிறது. இதை அவருடைய தோல்வியாகப் பார்க்கக் கூடாது. எல்.டி.எல்.லில் மரபணுவின் பங்கு பெரிது, உணவால் இறக்கக்கூடியதற்கு ஒரு எல்லை உண்டு. இந்த 132 போதுமா என்பதை அந்த எண் மட்டும் சொல்லாது. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்குள் மாரடைப்பு வந்ததா, புகைக்கிறாரா, ரத்த அழுத்தம் எவ்வளவு, சர்க்கரை எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதையெல்லாம் சேர்த்து டாக்டர் முடிவெடுப்பார். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு 70-க்குக் கீழே, இன்னும் குறைவாகக்கூட இலக்கு வைப்பார்கள், அது பத்தியத்தால் மட்டும் எட்டாத உயரம்.

அப்போது ஸ்டேட்டின் மாத்திரை பற்றிப் பேச்சு வரும். 'ஏற்கெனவே லிவர் கெட்டிருக்கு, இந்த மாத்திரை இன்னும் கெடுத்துடும்' என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். சில மருந்துக் கடைகளிலும் சொல்வார்கள். அது சரியல்ல. கொழுப்புக் கல்லீரல் இருப்பவர்களுக்கு ஸ்டேட்டின் பாதுகாப்பானது, எஸ்.ஜி.பி.டி. கொஞ்சம் கூடியிருப்பது அதைத் தவிர்க்கக் காரணமாகாது. இயல்பு அளவைப்போல் மூன்று மடங்குக்கு மேல் ஏறினால்தான் டாக்டர் மறுபரிசீலனை செய்வார். கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களில் கல்லீரல் நோயால் இறப்பவர்களைவிட இதய நோயால் இறப்பவர்களே அதிகம். ஆகவே கல்லீரலைக் காப்பாற்றுவதாக நினைத்து அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சந்தேகம் இருந்தால் பழைய ரிப்போர்ட்டையும் புது ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போய், எழுதிக் கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள்.